தோழனின் திருமண வாழ்த்துரையைச் சரிபார்க்கக் கொடுத்தால் என்ன செய்வது?

உயிர் நண்பனின் திருமண விருந்துபசரிப்பில் பேசப் போகிறவர் தன் உரையின் வரைவை உங்களிடம் கொடுத்து, "ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்" என்கிறார். பெரும்பாலும் நாம் எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டு, "நன்றாக இருக்கிறது" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். ஆனால் அவர் கேட்பது அதுவல்ல. மண்டபத்தில் முந்நூறு பேர் முன்னால் எந்த இடத்தில் சிரிப்பு வரும், எந்த இடத்தில் மௌனம் விழும், எந்த வரியில் பெண்ணின் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் உங்களிடம் வந்திருக்கிறார்.

என் சித்தி மகன் பட்டர்வொர்த்தில் நடந்த ஒரு விருந்தில் மாப்பிள்ளையின் தோழனாகப் பேச வேண்டியிருந்தது. படிவம் ஒன்றிலிருந்து சேர்ந்து படித்த நண்பர்கள். பெண் வீட்டார் கோலாலம்பூர் செந்தூலிலிருந்து வந்தவர்கள். வரைவு என் கைக்கு வந்தது. எதை வெட்டுவது, எதை விடுவது, யாரைக் கேட்பது என்று ஒவ்வொன்றாகத் தட்டுத் தடுமாறித்தான் அதை முடித்தோம். அதே வேலை உங்கள் தலையில் விழுந்தால், கீழே உள்ள வரிசையில் செய்யுங்கள். அந்த வரைவையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். இதில் இருப்பதைச் சொல்ல என் தம்பியும் அவன் நண்பனும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

1. வரைவைப் படிப்பதற்கு முன் இரண்டு தாள்களைக் கேட்டு வாங்குங்கள்

முதலாவது, அன்றைய நிகழ்ச்சி நிரல். பேச்சு எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன, பின் என்ன, வேறு யாரெல்லாம் பேசுகிறார்கள் என்பது அதில் இருக்கும். நம் ஊர் விருந்துகளில் அழைப்பிதழில் ஏழு மணி என்று போட்டிருந்தாலும் மேசைகள் நிறைய எட்டு மணி ஆகிவிடும். மண்டபத்தை ஒப்படைக்க வேண்டிய நேரம் மட்டும் மாறாது. தாண்டினால் கூடுதல் கட்டணம் கேட்கும் மண்டபங்கள் உண்டு. ஆக, தாமதமான அந்த ஒரு மணி நேரத்தை எங்கிருந்து பிடிப்பார்கள்? பேச்சுகளிலிருந்துதான் பிடிப்பார்கள். பத்து நிமிடம் தருவதாகச் சொன்ன நெறியாளர் மேடைக்கு அருகில் வந்து, "ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள்" என்பார். வரைவை முதலிலேயே அந்த ஐந்து நிமிடத்திற்குத் தயார் செய்வது உங்கள் வேலை.

உணவு எப்போது என்பதையும் பாருங்கள். பஃபே திறந்த பிறகு பேச்சு என்றால், எவ்வளவு நல்ல உரையானாலும் பாதிப் பேர் தட்டோடு வரிசையில் நிற்பார்கள். கேக் வெட்டியதும், உணவு தொடங்குவதற்கு முன்னால் உள்ள நேரமே சிறந்தது. நிரலில் வேறு மாதிரி இருந்தால் இப்போதே மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த வாரத்தில் கேட்டால் யாரும் மாற்றித் தரமாட்டார்கள்.

இரண்டாவது, மேசைப் பட்டியல். முழுமையாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. முன்வரிசை மேசைகளில் யார் என்று தெரிந்தால் போதும். எங்கள் விஷயத்தில் இரு வீட்டுப் பெற்றோர், பெண்ணின் தாய்மாமன், பாட்டி இருவர், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மாப்பிள்ளையின் மேலாளராக இருக்கும் ஒரு சீனர், கூட வேலை செய்யும் மலாய்க்கார நண்பர்கள் ஒரு மேசை. பள்ளி நண்பர்கள் இரண்டே மேசை. முப்பது மேசையில் இரண்டு! தம்பி எழுதியிருந்த உரையோ அந்த இரண்டு மேசைக்கு மட்டுமே எழுதப்பட்டது. இந்தப் பட்டியல் கையில் இல்லாமல் அதை நான் கண்டுகொண்டிருக்க முடியாது.

இவற்றோடு வரைவு எழுத்தில் இருக்க வேண்டும். குரல் பதிவாக அனுப்பினால் வாங்காதீர்கள். "மேடையில் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் இடங்களில்தான் வில்லங்கமான கதைகள் ஒளிந்திருக்கும்.

2. எப்போது வாங்குவது, எப்போது முடிப்பது

திருமணத்திற்கு மூன்று வாரம் முன்பு முதல் வரைவு உங்கள் கையில் இருக்கட்டும். இரண்டு வாரம் முன்பு உங்கள் குறிப்புகளோடு ஒரு சந்திப்பு. ஒரு வாரம் முன்பு வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது. கடைசி மூன்று நாளில் ஒரு சொல்லும் மாறக்கூடாது.

இந்த இடைவெளி எதற்கு என்றால், சில கதைகளுக்கு அனுமதி கேட்க வேண்டியிருக்கும். அனுமதி கேட்டவுடன் பதில் வருவதில்லை. கல்யாண வாரத்தில் மாப்பிள்ளையைப் பிடித்து எதையும் கேட்க முடியாது. நலங்கு, கோயில், விருந்தினர் தங்குமிடம் என்று ஓடிக்கொண்டிருப்பார்.

3. முதலில் கடிகாரம்

நகைச்சுவையையோ கதையையோ தொடுவதற்கு முன்னால் நீளத்தை அளந்துவிடுங்கள். எவ்வளவு வெட்ட வேண்டும் என்று தெரிந்தால்தான், எதை வெட்டுவது என்ற பேச்சில் இருவருக்கும் மனக்கசப்பு வராது.

சொற்களை எண்ணிப் பயனில்லை. இணையத்தில் கிடைக்கும் கணக்குகள் ஆங்கிலப் பேச்சுக்கானவை. தமிழில் வேற்றுமை உருபும் வினை விகுதியும் சேர்ந்து ஒரு சொல்லே நீண்டுவிடுவதால் நிமிடத்திற்கு அத்தனை சொல் வராது. பேசப் போகிறவர் எழுந்து நின்று, மேடையில் பேசும் வேகத்தில் வாய்விட்டுப் படிக்கட்டும். நீங்கள் கைப்பேசியில் நேரத்தை அளந்துகொள்ளுங்கள். நீங்களே மனத்துக்குள் படித்து அளந்தால் பாதி நேரம்தான் காட்டும்.

ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடத்திற்கும் உரை இருக்கக்கூடாது. மேடை ஏறி ஒலிவாங்கியைச் சரிசெய்ய அரை நிமிடம் போய்விடும். சிரிப்புக்கும் கைத்தட்டலுக்கும் நிறுத்த ஒரு நிமிடம். கடைசியில் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி, குவளையை உயர்த்தி வாழ்த்த இன்னும் அரை நிமிடம். மிச்சம் மூன்று நிமிடம். அமைதியான வீட்டுக் கூடத்தில் படிக்கும்போது மூன்று, மிஞ்சினால் மூன்றரை நிமிடத்தில் உரை முடிய வேண்டும். தாளில் பார்த்தால் ஏ4 அளவில், சாதாரண எழுத்தில், ஒரு பக்கம்.

தம்பியின் வரைவு பதினொரு நிமிடம் ஓடியது. அதில் இரண்டு நிமிடம் வணக்கம் சொல்வதற்கே போனது. பெரியோர்களுக்கு வணக்கம், பெற்றோருக்கு வணக்கம், டத்தோவுக்கு வணக்கம், தாய்மாமன்களுக்குத் தனித்தனியாக வணக்கம். இதை முதலில் வெட்டுங்கள், யாருக்கும் வலிக்காது. பிரமுகர்களைப் பட்டத்தோடு வரவேற்பது நெறியாளரின் பொறுப்பு, தொடக்கத்திலேயே செய்திருப்பார். தோழன் "இரு வீட்டுப் பெரியோர்களுக்கும் வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்" என்று ஒரே வரியில் முடிக்கலாம். நீட்டித்தால் யாராவது ஒரு மாமாவின் பெயர் விடுபட்டு, அது பல வருடத்துக்குப் பேச்சாக இருக்கும்.

4. உள்வட்ட நகைச்சுவையை அடித்துவிடாதீர்கள், முதலில் "ஏன்?" என்று கேளுங்கள்

இந்தப் படிதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நினைக்கிறேன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வரைவைத் தாளில் அச்சிட்டு, மூன்று நிறப் பேனாக்களோடு உட்காருங்கள். எல்லாருக்கும் புரியும் வரிக்குப் பச்சை. ஒரு வரி விளக்கம் சேர்த்தால் புரியக்கூடியதற்கு மஞ்சள். உடனிருந்தவர்களுக்கு மட்டுமே புரிவதற்குச் சிவப்பு. நீங்கள் அந்த நண்பர் வட்டத்துக்கு வெளியே இருப்பவராக இருந்தால் இந்த வேலை எளிது. உங்களுக்குப் புரியாதது எல்லாம் சிவப்புதான். நீங்களும் அந்த வட்டத்தில் ஒருவர் என்றால், தயவுசெய்து வெளியாள் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிரித்துப் பழகிய காதுக்கு எது புரியாது என்பது தெரியாது.

தம்பியின் தாளில் சிவப்பு அதிகம். குறிப்பாக ஒரு சொல், "பஞ்சிர்". மாப்பிள்ளையை அவன் உரை முழுக்க அப்படித்தான் அழைத்திருந்தான். "நம் பஞ்சிருக்கு இன்று கல்யாணம்", "பஞ்சிர் எப்போதும் பஞ்சிர்தான்", "அண்ணி, இனி பஞ்சிரை நீங்கள்தான் துடைக்க வேண்டும்". ஆறு இடத்தில் வந்தது. பள்ளி மேசை இரண்டும் ஆறு முறையும் மேசையைத் தட்டிச் சிரித்திருக்கும். மற்ற இருபத்தெட்டு மேசையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.

சிவப்பு என்றதும் அடித்துவிடத் தோன்றும். அடிக்காமல் கேளுங்கள். நான் கேட்டேன். "அவனை ஏன் பஞ்சிர் என்கிறீர்கள்?"

"அது ஒன்றுமில்லை அக்கா, நாசி கண்டார் கடையில் நடந்தது" என்றான்.

"என்ன நடந்தது?"

மெதுவாகச் சொன்னான். படிவம் நான்கில் ஒரு நாள். பள்ளியில் பேச்சுப்போட்டி, தம்பி மேடை ஏற வேண்டும். காலையில் இருவரும் நாசி கண்டார் சாப்பிடப் போயிருக்கிறார்கள். எல்லாக் குழம்பையும் கலந்து சோறு மூழ்கும்படி ஊற்றிக் கொடுப்பதைத்தான் பினாங்கில் பஞ்சிர் என்று கேட்டு வாங்குகிறோம், வெள்ளம் என்று பொருள். தட்டைத் தூக்கி வரும்போது சாய்ந்து, குழம்பு முழுவதும் தம்பியின் வெள்ளைச் சட்டையில் கொட்டிவிட்டது. பள்ளி மணி அடிக்க நேரமில்லை. நண்பன் தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, குழம்பில் நனைந்த சட்டையைத் தான் போட்டுக்கொண்டான். தம்பி பரிசு வாங்கினான். அன்று முழுவதும் மஞ்சள் சட்டையோடு வகுப்பில் உட்கார்ந்திருந்த நண்பனுக்குப் பட்டப்பெயர் வந்தது.

பதினொரு நிமிட வரைவில் இந்தக் கதை ஒரு வரிகூட இல்லை! பட்டப்பெயர் மட்டும் ஆறு முறை இருந்தது. தம்பிக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே கதை முழுவதும் கண்முன் வந்துவிடுவதால், அதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. வட்டத்துக்குள் இருக்கும் எல்லாருக்கும் இப்படித்தான். பட்டப்பெயர் என்பது கதையின் மேல் போட்ட மூடி. மூடியைத் திறக்கச் சொல்வதுதான் சரிபார்க்கிறவரின் வேலை.

எல்லா மூடியின் கீழும் கதை இருக்காது. "அந்த மூன்றாவது மாடிக் கழிவறை", "சாரின் மூக்குக்கண்ணாடி" என்றும் இரண்டு இடம் இருந்தன. கேட்டேன். முதலாவதில் நடந்ததைச் சொல்ல இருபது வரி வேண்டும். இரண்டாவது ஓர் ஆசிரியரைக் கேலி செய்வது, மாப்பிள்ளைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இரண்டையும் எடுத்துவிட்டோம். ஒரு நகைச்சுவையை வைப்பதற்கு எனக்கு இரண்டு கேள்விகள் போதுமாக இருந்தன. மூன்று வரிக்குள் விளக்க முடியுமா? விளக்கிய பிறகு மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்று புதியவருக்குத் தெரிகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் வையுங்கள்.

வைத்தாலும் ஒரே ஒன்றை வையுங்கள். கதை சொல்லும்போது ஒரு முறை, கடைசி வாழ்த்தில் ஒரு முறை, அவ்வளவே. இரண்டாம் முறை வரும்போது மண்டபம் முழுவதும் அந்த வட்டத்துக்குள் வந்துவிட்டிருக்கும். பஞ்சிருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அது மலாய்ச் சொல், பினாங்கில் எல்லா இனத்தாரும் நாசி கண்டார் கடையில் சொல்லிப் பழகியது. சீன மேலாளருக்கும் மலாய் நண்பர்களுக்கும் அந்த ஒரு சொல்லே போதும். செந்தூல்காரர்களுக்காக மட்டும் ஒரு வரி விளக்கம் சேர்த்தோம்.

5. ஆபத்தான கதைகளை எப்படிக் கண்டுபிடிப்பது

பழைய காதல், குடி, போலீஸ், கடன், உடல் நிறம், எடை, சாதி, ஜாதகத் தகராறு, வீட்டார் முதலில் சம்மதிக்காதது. இவை பளிச்சென்று கண்ணில் படும், உடனே நிறுத்துவீர்கள். இனம், மதம், அரச குடும்பம் ஆகிய மூன்றைத் தொட்டு வேடிக்கை செய்வது இந்த நாட்டில் எங்குமே கூடாது. பல இனத்தார் அமர்ந்திருக்கும் மண்டபத்தில், முப்பது கைப்பேசிகள் பதிவு செய்துகொண்டிருக்கையில், ஒரு வரிகூட வேண்டாம். நண்பர்களுக்குள் ஒருவரை ஒருவர் இனம் சொல்லிக் கேலி செய்துகொள்ளும் பழக்கம் இருக்கலாம். அந்தப் பழக்கத்தை அறியாதவர்கள் அந்தக் காணொளியைப் பார்ப்பார்கள்.

கண்ணில் படாத ஆபத்துகளே அதிகம். அவற்றில் மூன்றைச் சொல்கிறேன்.

ஒன்று, பெயர் சொல்லாமலே காட்டிக்கொடுக்கும் சிறு சொற்கள். தம்பி எழுதியிருந்தான், "கடைசியில் ஒருவழியாக என் நண்பன் சரியான பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டான்." எழுதியவன் மனத்தில் கள்ளமில்லை. ஆனால் "கடைசியில்", "ஒருவழியாக", "சரியான" என்ற மூன்றும் சேர்ந்து, முன்னால் சரியில்லாத சிலர் இருந்தார்கள் என்று சொல்லிவிடுகின்றன. "இந்த முறை", "இப்போதாவது", "திருந்திவிட்டான்" போன்ற சொற்களையும் இப்படியே தேடி எடுங்கள். அந்த வரியை "இவரைச் சந்தித்த பிறகு என் நண்பன் தொலைபேசியை எடுப்பதற்கே நேரமில்லாதவன் ஆகிவிட்டான்" என்று மாற்றினான். அதே மகிழ்ச்சிதான், முன்கதை இல்லை.

இரண்டு, நல்ல கதைக்குள் இருக்கும் தவறான பாதி. நள்ளிரவில் தீவிலிருந்து பினாங்குப் பாலத்தின் வழியாக இருவரும் மோட்டார்சைக்கிளில் திரும்பிய கதையை எழுதியிருந்தான். குடித்திருந்தார்கள், போலீஸ் சாலைத் தடுப்பைப் பார்த்துப் பயந்தார்கள் என்பது முதல் பாதி. பாலத்தைக் கடந்ததும் தம்பியின் வண்டி பழுதாகி, மழையில் நண்பன் விடியும்வரை கூடவே நின்றான் என்பது இரண்டாம் பாதி. தம்பிக்கு முதல் பாதிதான் பிடித்திருந்தது. "அக்கா, அங்கேதானே எல்லாரும் சிரிப்பார்கள்" என்றான். உண்மை, சிரிப்பார்கள். பெண்ணின் அப்பா சிரிக்கமாட்டார். மகளை இப்போதுதான் கையில் பிடித்துக் கொடுத்திருக்கிறார், மாப்பிள்ளை குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர் என்பதை மேடையிலிருந்தா அவர் கேட்க வேண்டும்? மேலாளரும் முன்வரிசையில் இருக்கிறார். இரண்டாம் பாதியை மட்டும் வைக்கலாமா என்று பார்த்தோம். "அந்த நேரத்தில் எங்கே போயிருந்தீர்கள்?" என்று சாப்பாட்டு மேசையில் யாராவது கேட்பார்கள், பள்ளி நண்பர்கள் சொல்லிவிடுவார்கள். முழுக் கதையையும் எடுத்துவிட்டோம். பாதியை மறைத்தால்தான் நிற்கும் என்ற கதை மேடைக்கு ஏற்றதல்ல.

மூன்று, மற்றவருக்குச் சொந்தமான கதை. மாப்பிள்ளையைப் புகழ்வதற்காக, சித்தப்பாவுக்கு வேலை போயிருந்த காலத்தில் நண்பன் தன் சேமிப்பிலிருந்து தம்பியின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டினான் என்று எழுதியிருந்தான். நெகிழவைக்கும் செய்தி. ஆனால் இதில் அம்பலமாவது மாப்பிள்ளை அல்ல, ஐந்தாம் மேசையில் உட்கார்ந்திருக்கப் போகும் சித்தப்பா. அவரிடம் கேட்கச் சொன்னேன். தம்பி கேட்டான். "பார்க்கலாம்" என்றாராம். நம் பெரியவர்கள் பார்க்கலாம் என்றால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மறுமுறை கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

அனுமதி கேட்பதில் ஒரு ஒழுங்கு உண்டு. மாப்பிள்ளையைப் பற்றிய கதையானால் மாப்பிள்ளையிடம் தனியாகக் கேட்க வேண்டும். "உன் பட்டப்பெயர்க் கதையைச் சொல்லப் போகிறேன், பெண்ணுக்கு ஏற்கெனவே தெரியுமா?" என்று ஒரே கேள்வி போதும். உரையை முழுவதும் காட்ட வேண்டியதில்லை, கேட்கும் மகிழ்ச்சி போய்விடும். நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் கேட்காதீர்கள். அங்கே கேட்டால் எல்லாரும் இன்னும் மோசமான கதைகளை எடுத்துக் கொடுப்பார்கள்.

6. மணமகளைத் தேடுங்கள்

மாப்பிள்ளைத் தோழனின் உரையில் மணமகள் காணாமல் போவது வழக்கம். வரைவில் அவர் பெயர் வரும் இடங்களை வட்டமிடுங்கள். தம்பியின் வரைவில் ஒரே இடம், அதுவும் கடைசி வரியில். "இனிமேல் உனக்குச் சுதந்திரம் கிடையாது" என்ற வாக்கியம் மட்டும் நடுவில் இருந்தது. ஒவ்வொரு விருந்திலும் யாரோ ஒருவர் அதைச் சொல்லிவிடுகிறார். மணமகள் மேடையில் அலங்காரத்தோடு நின்றுகொண்டு, தன்னைச் சிறைக்காவலர் என்று சொல்வதைக் கேட்டுப் புன்னகைக்க வேண்டியிருக்கிறது. இதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. எடுக்கச் சொல்லுங்கள்.

அந்த இடத்தில் பேசுகிறவரே கண்ணால் பார்த்த ஒன்று வேண்டும். "அண்ணியைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டதும் தம்பி யோசித்தான். முதன்முதலில் நண்பர்களோடு சாப்பிட வந்தபோது, எல்லாரும் பள்ளிக் கதை பேசிச் சிரித்துக்கொண்டிருக்க, அவர் ஒவ்வொன்றுக்கும் "அப்புறம்?" என்று கேட்டு முழுவதையும் தெரிந்துகொண்டாராம். அதையே எழுதச் சொன்னேன்.

7. மொழியும் குவளையும்

தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் முழு உரையைச் சொன்னால் நீளம் மும்மடங்காகும். தமிழில் பேசி, கடைசி வாழ்த்தை மட்டும் மூன்று மொழியிலும் ஒவ்வொரு வரி சொன்னால் எல்லாருக்கும் சென்று சேரும்.

குவளையில் என்ன இருக்கும் என்பதை வீட்டாரிடம் முன்பே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். மது இல்லாத விருந்தானால் சிராப் பண்டோங்கையோ பழச்சாற்றையோ உயர்த்தலாம். முஸ்லிம் நண்பர்களும் பாட்டிமார்களும் தயக்கமின்றி எழுந்து நிற்பார்கள். "யாம் செங்" என்று நீட்டி முழங்குவது பல விருந்துகளில் நடக்கிறது. பெரியவர்களுக்குச் சம்மதம் என்றால் சேர்க்கலாம், உரையில் எழுதி வைக்காமல் நெறியாளரிடம் விட்டுவிடுவது நல்லது.

8. திருத்தங்களைச் சொல்லும் விதம்

சிவப்புக் கோடு போட்ட தாளைப் படம் எடுத்து இரவில் அனுப்பாதீர்கள். நேரில் உட்காருங்கள். தே தாரிக் செலவு உங்களுடையதாக இருக்கட்டும், இந்த வேலையில் அதுவும் அச்சிடும் சில வெள்ளியும்தான் செலவு. எது கட்டாயம் இருக்க வேண்டும் என்பதை முதலில் சொல்லுங்கள், வெட்ட வேண்டியதை அப்புறம் சொல்லுங்கள். நான் சட்டைக் கதையைப் பற்றிச் சொன்ன பிறகு, பாலத்துக் கதையை விட்டுக்கொடுக்கத் தம்பிக்கு அதிகச் சிரமம் இருக்கவில்லை.

பேனாவை மட்டும் நீங்கள் வாங்கிக்கொள்ளாதீர்கள். உங்கள் நடையில் எழுதிக் கொடுத்தால் மேடையில் அது ஒட்டாது. கேள்வி கேளுங்கள், அவர் பதில் சொல்லட்டும், சொன்ன பதிலை அப்படியே எழுதச் சொல்லுங்கள். தம்பியின் உரையின் நடுப்பகுதி கடைசியில் இப்படி வந்தது:

"இவனை நாங்கள் பஞ்சிர் என்று அழைப்போம். செந்தூலிலிருந்து வந்தவர்களுக்குச் சொல்கிறேன், எங்கள் ஊர் நாசி கண்டாரில் சோறு மூழ்கக் குழம்பு ஊற்றினால் அதுதான் பஞ்சிர். படிவம் நான்கில் அந்தக் குழம்பு முழுவதும் என் சட்டையில் கொட்டியது. பத்து நிமிடத்தில் நான் மேடையில் பேச வேண்டும். இவன் ஒன்றும் சொல்லவில்லை. தன் சட்டையைக் கழற்றி எனக்குக் கொடுத்துவிட்டு, என் சட்டையைப் போட்டுக்கொண்டான். எனக்குப் பரிசு கிடைத்தது, இவனுக்குப் பட்டப்பெயர் கிடைத்தது. அண்ணி, இந்தக் கதையை நீங்கள் முதல் நாளே 'அப்புறம்?' 'அப்புறம்?' என்று கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள். எங்கள் கதைகளை முழுவதும் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்."

முன்னும் பின்னும் வணக்கமும் வாழ்த்தும் சேர்த்து, வீட்டில் படித்தபோது மூன்று நிமிடத்தைத் தொட்டது.

9. கடைசி மூன்று நாள்

இறுதி வடிவத்தைப் பெரிய எழுத்தில், பதினாறு அல்லது பதினெட்டுப் புள்ளி அளவில், கெட்டியான அட்டையில் அச்சிடச் சொல்லுங்கள். கைப்பேசியைப் பார்த்துப் படித்தால் திரை அணைந்துவிடும், இல்லையென்றால் நடுவில் யாராவது அழைப்பார்கள். மண்டபத்தில் விளக்கைக் குறைத்திருந்தாலும் பெரிய எழுத்து தெரியும். ஒரே பக்கத்தில் மட்டும் அச்சிட்டு, மூலையில் எண் போட்டுக்கொள்ளட்டும்.

இரண்டாவது பிரதி நெறியாளரிடம் போக வேண்டும். இதில் எங்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. முதல் வரைவைத் தம்பி ஏற்கெனவே நண்பர்கள் குழுவில் போட்டிருந்தான். யாரோ ஒருவர் உதவி செய்வதாக நினைத்து அதையே நெறியாளருக்கு அனுப்பிவிட்டார். அறிமுகக் குறிப்பில் பாலத்துக் கதையைச் சேர்க்கவிருந்த நெறியாளரை அன்று பிற்பகலில்தான் பிடித்தோம். ஆகவே பழைய வரைவுகள் யார் யாரிடம் இருக்கின்றன என்று கேட்டு, நீக்கச் சொல்லிவிடுங்கள். நெறியாளரைத் தொலைபேசியில் அழைத்து, அவர் கையில் உள்ள தாளின் முதல் வரியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

விருந்து அன்று பள்ளி நண்பர்கள் மேசையிலிருந்து "அந்தப் பாலத்துக் கதையைச் சொல்" என்று குரல் வரும். வரும் என்று பேசுகிறவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். அந்தப் பக்கம் பார்த்துச் சிரித்துவிட்டு, அட்டையில் உள்ள அடுத்த வரியைப் படித்தால் போதும். நீங்கள் அவர் கண்ணில் படும் இடத்தில், மேடைக்கு நேர் எதிரே உட்காருங்கள். நாலரை நிமிடம் ஆனதும் கையை உயர்த்துவதாக இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.